டிரைவரும் டீயும்: பந்து தரையில் உருள்வதும் வானத்தில் ஏறுவதும் ஏன்?

கோல்ஃப் கற்கத் தொடங்கியவர் கையில் நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவர் வந்தவுடன் இரண்டு விதமான அடிகள் மாறி மாறி வரும். ஒன்றில் பந்து இருபது கெஜம் தத்தித் தத்தி ஓடி நின்றுவிடும். இதை ‘டாப்’ என்பார்கள். இன்னொன்றில் பந்து செங்குத்தாக வானத்தில் ஏறி, கிட்டத்தட்டக் கண்ணெதிரே வந்து விழும். இது ‘ஸ்கை’. முன்னதற்குப் பந்தைத் தாங்கும் சிறு ஆணியான டீயை உயர்த்து என்றும், பின்னதற்கு டீயைத் தாழ்த்து என்றும் பயிற்சித் திடலில் பக்கத்தில் நிற்பவர் அறிவுரை சொல்வார். இரண்டையும் கேட்டு நடப்பவருக்கு ஒரு வாரத்தில் இரண்டு தவறும் நிலைத்துவிடும்.

இந்த இரண்டு அடிகளுக்கும் டீ காரணம் இல்லை. டீயின் உயரம் நமக்கு எவ்வளவு பிழை செய்ய இடம் இருக்கிறது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. பிழையை உண்டாக்குவது, டிரைவரின் தலை வரும் வளைவு எங்கே தாழ்கிறது, தாழும்போது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்னும் இரண்டும்தான். அதனால் முதலில் சில மில்லிமீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டுப் பிறகு நிற்கும் முறைக்குப் போவோம். எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு எழுதப்பட்டது. இடக்கைக்காரர்கள் இடம், வலம் மாற்றிக்கொள்ளவும்.

பந்தும் தலையும்: ஒரு சின்னக் கணக்கு

கோல்ஃப் பந்தின் விட்டம் விதிப்படி 42.67 மி.மீ.க்குக் குறையக் கூடாது. கடையில் கிடைக்கும் பந்துகள் எல்லாம் ஏறக்குறைய இந்த அளவுதான். ஆகவே பந்தின் நடுப்பகுதி அதன் அடியிலிருந்து 21 மி.மீ. உயரத்தில் இருக்கும். இன்றைய பெரிய டிரைவர் தலையைத் தரையில் வைத்தால் அதன் மேல் விளிம்பு ஏறக்குறைய 58 மி.மீ. உயரத்தில் இருக்கும். மாடலுக்கு மாடல் சற்று மாறும். உங்களுடையதை அளவுகோல் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள்.

பந்தின் அடி தரையிலிருந்து 38 மி.மீ. உயரத்தில் இருக்கும்படி டீயை ஊன்றினால் பந்தின் நடு 59 மி.மீ.யில் நிற்கும். டிரைவரைப் பின்னால் தரையில் வைத்துப் பார்த்தால் பாதிப் பந்து தலைக்கு மேலே தெரியும். எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லும் ‘பாதிப் பந்து’ விதி இதுதான்.

இங்கே ஒரு சந்தேகம் எழ வேண்டும். பந்தின் நடு தலையின் மேல் விளிம்புக்கு நேராக இருந்தால், அடி மேல் விளிம்பில்தானே விழும்? தலை தரையை உரசிக்கொண்டு வந்தால் அப்படித்தான் விழும். ஆனால் நல்ல டிரைவர் ஸ்விங்கில், அதாவது மட்டை வீச்சில், தலை தரையைத் தொடுவதே இல்லை. பந்தைச் சந்திக்கும்போது தலையின் அடிப்பக்கம் தரையிலிருந்து ஏறக்குறைய 20 மி.மீ. உயரத்தில் மிதந்து வருகிறது. 59-இல் 20 போனால் 39. அதாவது பந்து, தலையின் அடியிலிருந்து 39 மி.மீ. உயரத்தில், முகப்பின் நடுவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே படுகிறது. டிரைவருக்கு இதுவே மிகச் சிறந்த இடம். நடுவுக்குச் சற்று மேலே பட்டால் பந்து உயரமாகக் கிளம்பும், பின்சுழற்சி குறையும், தூரம் கூடும். நடுவுக்குக் கீழே பட்டால் தாழ்வாகக் கிளம்பி, சுழற்சி மிகுந்து, தூரம் போகாமல் தணிந்துவிடும்.

இந்த எண்களிலேயே இரண்டு தவறுகளும் அடங்கியிருக்கின்றன. தலை 20 மி.மீ. தாழ்ந்து தரையைத் தொட்டால் பந்து மேல் விளிம்பில் பட்டு வானத்துக்குப் போகும். தலை ஏறக்குறைய 4 செ.மீ. உயர்ந்துவிட்டால் அதன் கீழ் விளிம்பு பந்தின் மேல் பாதியில் பட்டுப் பந்தைத் தரையில் அமுக்கும். கீழ்ப்பக்கம் 2 செ.மீ., மேல்பக்கம் 4 செ.மீ. என்று இவ்வளவு இடம் நமக்கு இருக்கிறது.

இப்போது டீயைத் தாழ்த்திப் பாருங்கள். பந்தின் அடி 12 மி.மீ.யில் இருந்தால் நடு 33 மி.மீ. அதே நல்ல ஸ்விங், அதே 20 மி.மீ. மிதப்பு. பந்து முகப்பின் அடியிலிருந்து 13 மி.மீ.யில், மிகவும் கீழே படுகிறது. கை இன்னும் ஒன்றரை சென்டிமீட்டர் சுருங்கினால் போதும், டாப்தான். ஸ்கை அடிக்குப் பயந்து டீயைத் தாழ்த்தியவர் அடுத்த நாளே டாப் அடிக்கத் தொடங்குவதற்குக் காரணம் இதுவே. அவருடைய ஸ்விங் கெடவில்லை, மேல்பக்க இடம் 4 செ.மீ.யிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

டீயை ஊன்றும் முறை

ஆகவே முதல் படி, டீயின் உயரத்தை ஒரே அளவில் நிறுத்திவிடுவது. விதிகள் 101.6 மி.மீ. வரை நீளமான டீயை அனுமதிக்கின்றன. நமக்கு 70 அல்லது 83 மி.மீ. மரடீ போதும். 83 மி.மீ. டீயின் மேல்நுனியிலிருந்து 38 மி.மீ. அளந்து பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு புல்லின் அடியில் மண்ணைத் தொடும்வரை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒரே உயரம் கிடைக்கும். அளவுகோல் இல்லாதபோது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துக் கிடையாகத் தரையில் வைத்தால் பெரியவர்களின் இரண்டு விரல் அகலம் ஏறக்குறைய இதே அளவுக்கு வரும்.

பயிற்சித் திடலின் பாய்களில் இருக்கும் ரப்பர் டீதான் பெரிய தொல்லை. பல இடங்களில் ஒரே உயரத்தில்தான் இருக்கும். தேய்ந்துபோனது இன்னும் தாழ்ந்திருக்கும், வளைந்தும் நிற்கும். அதில் பழகிவிட்டு மைதானத்தில் மரடீயை நடுபவர் தமக்குத் தெரியாமலே வேறோர் உயரத்தில் ஆடுகிறார். பெட்டியில் வேறு அளவு டீ இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, டிரைவரைப் பின்னால் வைத்துப் பாதிப் பந்து தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடிக்கத் தொடங்குங்கள். பொருத்தமான டீ கிடைக்கவில்லை என்றால் அன்று டிரைவரைப் பையிலேயே விட்டுவிடுவது நல்லது.

பந்து எங்கே இருக்க வேண்டும்

டிரைவரின் தலை ஊஞ்சலைப் போல இறங்கி, ஓரிடத்தில் மிகத் தாழ்ந்து, பிறகு ஏறுகிறது. அந்தத் தாழ்ந்த இடம், உடல் எடை சரியாக இடப்பக்கம் நகர்ந்திருந்தால், ஏறக்குறைய இடது மார்புக்கு நேர்கீழே வரும். அயர்ன் என்னும் இரும்புத் தலை மட்டையால் அடிக்கும்போது பந்து தரையில் கிடப்பதால் தலை இறங்கும் வழியிலேயே அதைச் சந்திக்க வேண்டும். டீயில் உட்கார்ந்திருக்கும் பந்துக்கு அந்தத் தேவை இல்லை. தாழ்ந்த இடத்தைத் தாண்டி, தலை ஏறத் தொடங்கியபின் சந்தித்தால் குறைந்த சுழற்சியோடு கூடுதல் தூரம் கிடைக்கும். அதனால்தான் பந்தை இடது குதிகாலின் உட்பக்கத்துக்கு நேராக வைக்கிறோம். அது தாழ்ந்த இடத்திலிருந்து சுமார் 10 செ.மீ. முன்னால்.

இந்த 10 செ.மீ. என்ன செய்கிறது என்று பார்த்தால் பலருக்கு வியப்பாக இருக்கும். தலை வரும் வட்டத்தின் ஆரம் ஒன்றரை மீட்டர் அளவில் இருப்பதால் வளைவு மிகத் தட்டையானது. 10 செ.மீ. கடக்கும்போது தலை உயர்வது 2 முதல் 3 மி.மீ. மட்டுமே. ஆனால் அது போகும் திசை ஏறக்குறைய 3 பாகை மேல்நோக்கித் திரும்பிவிடுகிறது. அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏ ஆட்டக்காரர்களின் சராசரியும் டிரைவரில் இந்த 3 பாகையை ஒட்டித்தான் இருக்கிறது. ஆண்கள் தொடரில் சராசரி சற்றே கீழ்நோக்கி இருக்கிறது. அவர்களுடைய தலையின் வேகம் நமக்கு இல்லை என்பதால் பின்பற்ற வேண்டியது பெண்களைத்தான்.

ஆகப் பந்தை முன்னே பின்னே நகர்த்துவது அடியின் கோணத்தை மாற்றும். அடி விழும் உயரத்தை அவ்வளவாக மாற்றாது. டாப் அடிப்பவர் பந்தை இரண்டு அங்குலம் பின்னுக்கு இழுத்து வைத்துப் பயனில்லை. உயரத்தைத் தீர்மானிப்பது உடலும் கைகளும்.

இடத்தைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு கண்ணேமாற்று உண்டு. இடது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நிற்பவர் மேலிருந்து பார்க்கும்போது குதிகாலுக்கு நேரே இருக்கும் பந்து பெருவிரலுக்குப் பின்னால் வெகுதூரம் தள்ளி இருப்பதுபோலத் தெரியும். உடனே அதை முன்னுக்கு நகர்த்திவிடுவார். ஒரு குச்சியையோ இன்னொரு மட்டையையோ பந்திலிருந்து இலக்குத் திசைக்குச் செங்குத்தாகக் கால்களுக்கு இடையே கிடத்திப் பாருங்கள். அது குதிகாலின் உள்விளிம்பைத் தொட வேண்டும்.

நிற்கும் வரிசை

ஒவ்வொரு பந்துக்கும் இதே வரிசையில் நின்று பழகினால் பாதித் தவறுகள் ஸ்விங் தொடங்கும் முன்பே போய்விடும்.

1. இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, பந்து அவற்றின் நடுவுக்கு நேரே வரும்படி நில்லுங்கள். டிரைவரின் தலையைப் பந்துக்குப் பின்னால் இலக்கை நோக்கி வையுங்கள்.

2. இடது காலை இடப்பக்கம் ஒரு சிறு அடி, பாதத்தின் அகலத்துக்குக் குறைவாக நகர்த்துங்கள். பிறகு வலது காலை வலப்பக்கம் பெரிய அடியாக, பாதங்களின் உட்பக்க இடைவெளி தோள் அகலத்துக்கு வரும்வரை நகர்த்துங்கள். பந்து தானாகவே இடது குதிகாலுக்கு நேரே வந்திருக்கும்.

3. கைகள் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கட்டும். பிடியின் நுனிக்கும் தொடைக்கும் இடையே விரித்த கட்டைவிரலோடு ஒரு கைப்பிடி அளவு இடம் இருந்தால் போதும். டிரைவர் ஏழாம் எண் அயர்னைவிட ஏறக்குறைய 20 செ.மீ. நீளமானது. ஆகவே பந்து உடலிலிருந்து தள்ளித்தான் இருக்கும். எட்டிப் பிடிப்பதுபோலக் கையை நீட்டக் கூடாது.

4. பிடியின் நுனி பெல்ட் பக்கிளை நோக்கி இருக்கட்டும். அயர்ன் அடிப்பதுபோலக் கைகளை இலக்குப் பக்கம் முன்னுக்குத் தள்ளி நின்றால் முகப்பின் சாய்வான லாஃப்ட் குறைவதோடு தலை செங்குத்தாக இறங்கும்.

5. வலது கையைப் பிடியிலிருந்து எடுத்து, வலது தொடையின் மேல் வைத்து முழங்காலுக்குச் சற்று மேலே வரை வழுக்கிக் கொண்டுபோங்கள். வலது தோள் இடது தோளைவிடத் தாழும். முதுகுத்தண்டு இலக்கிலிருந்து சற்று விலகிச் சாயும். மூக்கு பந்துக்குப் பின்னால் வரும். அந்தச் சாய்வைக் கலைக்காமல் கையை மீண்டும் பிடியில் வையுங்கள்.

6. கடைசியாகத் தோள்களைப் பாருங்கள். பந்து முன்னால் இருப்பதால் அதை எட்டுவதற்காகத் தோள்கள் இலக்குக்கு இடப்பக்கம் திறந்துகொள்ளும். நண்பர் ஒருவரை உங்கள் பின்னால், இலக்கின் கோட்டில் நிறுத்தித் தோள்களும் கால்விரல்களும் ஒரே திசையைக் காட்டுகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறாவது படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்கை அடிகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன. தோள் திறந்தால் தலை வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கிக் குறுக்காக வெட்டி இறங்கும். குறுக்காக வருவது செங்குத்தாகவும் வரும். பந்து வலப்பக்கம் வளைந்து போகும் ஸ்லைஸும் ஸ்கையும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுவது இதனால்தான்.

எந்தத் தவறு என்று கண்டறிதல்

பந்து போன வழியை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உயரமாகப் போன எல்லா அடியும் ஸ்கை இல்லை. முகப்பு திறந்த நிலையில் நடுவில் பட்ட பந்தும் உயரமாகவும் பலமில்லாமலும் போகும். தாழ்வாகப் போன எல்லாம் டாப் அல்ல; முகப்பு மூடிக்கொண்டு வந்தாலும் பந்து தரையை ஒட்டிப் பாயும்.

வெள்ளைப் பலகையில் எழுதும், துணியால் துடைத்தால் அழியும் மார்க்கர் பேனாவால் பந்தில் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டு முகப்பைப் பார்க்கும்படி டீயில் வைத்து அடியுங்கள். முகப்பில் பதிந்த மை அடி எங்கே விழுந்தது என்பதைக் காட்டும். மை மேல் விளிம்பிலோ தலையின் மேற்புறப் பெயிண்டிலோ இருந்தால் ஸ்கை. பெயிண்டில் ஏற்கெனவே வெள்ளைக் கீறல்கள் இருந்தால் மை கூடத் தேவையில்லை. முகப்பில் பொட்டே இல்லாமல், பந்தின் மேல்பக்கத்தில் கறையும் தலையின் கீழ் விளிம்பில் தடமும் இருந்தால் டாப்.

இதைவிடப் பயனுள்ள சோதனை ஒன்று, புல்தரையில் பந்தே இல்லாமல் செய்வது. 38 மி.மீ. உயரத்தில் வெறும் டீயை ஊன்றி, அதைத் தட்டிவிடும்படி ஸ்விங் செய்யுங்கள். டீ பறந்து, புல்லும் மண்ணும் அசையாமல் இருந்தால் தலை சரியான உயரத்தில் வருகிறது. டீயும் பறந்து மண்ணும் உரசினால் தலை தாழ்ந்து வருகிறது. பந்து இருந்திருந்தால் ஸ்கை. டீ அப்படியே நின்றால் தலை மேலே ஏறிவிட்டது. டீக்குப் பல அங்குலம் பின்னால் மண் உரசியிருந்தால் வளைவின் தாழ்ந்த இடம் பின்தங்கிவிட்டது. நான்கு விடைகள், நான்கும் கண்ணுக்குத் தெரியும்.

டாப் அடியின் இரண்டு காரணங்கள்

‘தலையைத் தூக்கிவிட்டாய்’ என்பது டாப் அடித்தவர் கேட்கும் முதல் வாசகம். பெரும்பாலும் அது தவறான நோயறிதல். தலையைக் கட்டாயமாகக் குனிந்தே வைத்திருப்பவரின் தோள் சுழல முடியாமல் நின்றுவிடும். கைகளுக்குப் போக இடமில்லாமல் முழங்கை மடங்கும். மட்டையின் தலை உயரும். டாப் அடியைத் தவிர்க்கச் சொன்ன வழியே டாப் அடிக்கு இட்டுச் செல்லும்.

முதல் காரணம், பந்தைத் ‘தூக்கிவிட’ முயல்வது. பந்து மேலே போக வேண்டும் என்ற ஆசையில் எடையை வலது காலிலேயே வைத்துப் பின்னால் சாய்ந்து அடிப்பார்கள். 9 பாகை டிரைவரை வாங்கிய தொடக்கநிலையாளரிடம் இது அதிகம், ஏனென்றால் முகப்பு அவர் கண்ணுக்குச் சுவர்போல நிற்கும். 10.5 முதல் 12 பாகை வரை லாஃப்ட் உள்ள டிரைவர் அந்த ஆசையையே குறைக்கும். எடை பின்தங்கினால் வளைவின் தாழ்ந்த இடமும் பின்தங்கும். பந்திடம் வரும்போது தலை வெகுவாக ஏறியிருக்கும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். நிற்கும் வரிசையின் ஐந்தாம் படியில் பின்னால் சாயச் சொல்லிவிட்டு இப்போது பின்னால் சாயாதே என்கிறோமே? சாய்வது முதுகுத்தண்டு, நகர வேண்டியது எடை. இரண்டும் வேறு. இறங்கும் ஸ்விங்கில் இடுப்பு இலக்கை நோக்கி நகர்ந்து இடது காலில் எடை ஏறும், அதே நேரத்தில் உங்கள் தலை பந்துக்குப் பின்னாலேயே இருக்கும். இது நடந்ததா என்று முடியும் நிலையில் பார்க்கலாம். ஸ்விங் முடிந்தபின் பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்க வேண்டும். வலது குதிகால் தரையை விட்டு எழுந்திருக்க வேண்டும். வலது கால்விரலால் தரையைத் தட்டிக் காட்ட முடிய வேண்டும். தட்ட முடியாவிட்டால் எடை இன்னும் வலது காலில்தான் இருக்கிறது.

இரண்டாம் காரணம், வளைவு முழுவதும் மேலே ஏறிவிடுவது. ஸ்விங்கின் நடுவில் முழங்கால் நிமிர்ந்து உடல் எழும், அல்லது இடது முழங்கை மடங்கும். இதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கிறது. செங்குத்தாக இறங்கும் தலை தரையில் மோதிவிடும் என்று உடல் முன்கூட்டியே உணர்ந்து, கடைசி நொடியில் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. சுருக்காமல் விட்ட பந்து ஸ்கை, சுருக்கிய பந்து டாப். ஒரே ஆள் இரண்டையும் மாறி மாறி அடிப்பதன் மர்மம் இவ்வளவுதான். இவருக்கு டாப் அடிக்கென்று தனி மருந்து கிடையாது. செங்குத்தை நீக்கினால் இரண்டும் போகும்.

செங்குத்தை நீக்குதல்

மூன்று பந்துகள் அடைத்து வரும் சிறிய அட்டைப்பெட்டி வெறுமையாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பந்துக்கு 30 செ.மீ. முன்னால், இலக்குக் கோட்டில் அதைப் படுக்க வையுங்கள். தலை பந்தை அடித்துவிட்டுப் பெட்டியைத் தொடாமல் அதன் மேலே போக வேண்டும். இறங்கிக்கொண்டே அடிப்பவர் பெட்டியைச் சிதறடிப்பார். ஏறிக்கொண்டே அடிப்பவருக்குப் பெட்டி தப்பும், ஆனால் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில்தான். அரை வேகத்தில் தொடங்குங்கள்.

பெட்டி சிதறிக்கொண்டே இருந்தால் ஸ்விங்கைத் திருத்தும் முன் நிற்கும் முறையைத் திரும்பப் பாருங்கள்: கை முன்னால் தள்ளியிருக்கிறதா, வலது தோள் தாழ்ந்திருக்கிறதா, தோள்கள் திறந்திருக்கின்றனவா. அவை சரியாக இருந்தும் சிதறினால், பின்னுக்கு எடுக்கும்போது முதல் ஓர் அடி தூரம் தலையைத் தரையை ஒட்டியே கொண்டுபோங்கள். தூக்கி எடுத்தது தூக்கிய வழியிலேயே இறங்கும். இறங்கத் தொடங்கும்போது முதலில் அசைய வேண்டியது இடது பாதமும் இடுப்பும். வலது தோள் முந்திக்கொண்டு முன்னால் பாய்ந்தால் பெட்டி தப்பாது.

பந்துக்குப் பின்னால் தலையைத் தரையில் அழுத்தி வைக்காமல், ஒரு விரல் அகலம் தூக்கிப் பிடித்து நிற்பதும் நல்ல பழக்கம். எந்த உயரத்தில் வந்து சேர வேண்டுமோ அதே உயரத்தில் புறப்படுகிறீர்கள்.

ஒருவரை எடுத்துக்கொண்டு பார்ப்போம்

அயர்ன் ஓரளவு நன்றாக அடிக்கும் ஒருவர், டிரைவரின் மேற்புறத்தில் நான்கைந்து கீறல்கள் விழுந்தபின் பயந்து டீயை 12 மி.மீ.க்குத் தாழ்த்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பாதிக்குமேல் டாப். பந்து இடது குதிகாலுக்கு நேரே சரியாகத்தான் இருக்கிறது.

வெறும் டீ சோதனையில் டீக்கு ஓர் அடி பின்னால் புல் நசுங்கியிருக்கிறது. முடியும் நிலையில் அவரால் வலது காலைத் தட்ட முடியவில்லை. தாழ்ந்த இடம் பந்துக்கு 30 செ.மீ. பின்தங்கியிருக்கிறது என்று பொருள். தாழ்ந்த இடத்தில் தலை தரையிலிருந்து 15 மி.மீ. உயரத்தில் இருந்து புல்லை மட்டும் வருடிச் சென்றது என்றால், 30 செ.மீ. கடக்கும்போது அது மேலும் 22 மி.மீ. ஏறியிருக்கும். மொத்தம் 37. அவருடைய பந்தின் நடு 33 மி.மீ.யில் இருக்கிறது. தலையின் கீழ் விளிம்பு அதற்கு மேலே வந்துவிட்டது. டாப் ஆகாமல் வேறென்ன ஆகும்?

ஸ்விங்கில் எதையும் மாற்றாமல் டீயை மட்டும் 38 மி.மீ.க்கு உயர்த்தினால் பந்தின் நடு 59. அதில் 37 போனால் 22. பந்து முகப்பின் கீழ்ப்பாதியில் பட்டு, தூரம் குறைவாக, ஆனால் காற்றில் பறந்து போகும். அவருக்கு நம்பிக்கை வர இது போதும், குணமாக இது போதாது. அடுத்து எடையை இடது காலுக்குக் கொண்டுவரும் முடிவு நிலையைப் பந்தில்லாமல், வெறும் டீயில், புல் நசுங்குமிடம் டீயை நோக்கி நகரும்வரை செய்ய வேண்டும். தாழ்ந்த இடம் பந்துக்கு 10 செ.மீ. பின்னால் வந்துவிட்டால் முகப்பில் பதியும் மை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் மேலே ஏறியிருக்கும்.

அப்போது பழைய கீறல்களுக்குக் காரணமான செங்குத்து மீண்டும் தலைகாட்டலாம். அயர்ன் பழக்கத்தில் கையை முன்னால் தள்ளி, தோளைத் திறந்து நின்றதன் விளைவு அது. ஆகவே பெட்டிப் பயிற்சி இரண்டாவதாகத்தான் வர வேண்டும். வரிசையை மாற்றி, முதலில் பெட்டியை வைத்தால், எடை பின்தங்கியிருக்கும் இவர் பெட்டியை எளிதாகத் தாண்டிவிட்டுத் தம்மிடம் குறையில்லை என்று நினைத்துக்கொள்வார். பெட்டிப் பயிற்சி ஸ்கை அடிப்பவருக்கு மருந்து, பின்னால் சாய்ந்து டாப் அடிப்பவருக்கு ஏமாற்று.

மைதானத்தில் நடந்தால்

ஆட்டத்தின் நடுவே ஸ்விங்கைத் திருத்த முடியாது. டாப் வந்தால் டீயைத் தொடாதீர்கள். முடியும் நிலையை மட்டும் நினைத்து முக்கால் வேகத்தில் அடியுங்கள். ஸ்கை வந்தால் டீயைக் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. வரை தாழ்த்தலாம், அதற்கு மேல் வேண்டாம். தோள்களை ஒருமுறை சரிபாருங்கள்.

பலருக்குத் தெரியாத விதி ஒன்று கைகொடுக்கும். டாப் அடித்த பந்து டீ போடும் பகுதிக்குள்ளேயே நின்றுவிட்டால் அதை எடுத்து மீண்டும் டீயில் வைத்து அடிக்கலாம். அடித்த அடி கணக்கில் சேரும், ஆனால் அபராதம் இல்லை. மட்டை காற்றை வெட்டிப் பந்து டீயிலேயே நின்றாலும் இப்படியே. ஸ்விங் தொடங்கும் முன் பந்து டீயிலிருந்து தானே உருண்டு விழுந்தால் அது அடியாகவே கணக்காகாது.

டிரைவரை ஒதுக்கிவிட்டு மூன்றாம் எண் வுட் மட்டையை எடுப்பதாக இருந்தால் டீயையும் மாற்ற வேண்டும். அதன் முகப்பு மிகவும் குட்டையானது. 38 மி.மீ. டீயில் வைத்தால் எவ்வளவு நல்ல ஸ்விங்கும் பந்தின் அடியில் புகுந்துபோகும். பந்தின் அடி தரையிலிருந்து 10 முதல் 15 மி.மீ. உயரத்தில் இருந்தால் சரி. பந்தையும் குதிகாலிலிருந்து ஒரு பந்து அகலம் உள்ளே கொண்டுவாருங்கள்.